வாடகை அனுப்பியதும் யு.டி.ஆர். எண்ணையும் அனுப்புங்கள்

வீட்டு ஓனர் கடலூரில், நீங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என்றால் வாடகை பெரும்பாலும் வங்கி வழியாகத்தான் போகும். ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல், அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யு.டி.ஆர். எண்ணை டைப் செய்தே அனுப்புங்கள். யுபிஐ என்றால் 12 இலக்கம்; நெஃப்ட் என்றால் எழுத்தும் எண்ணுமாக 16. ஆப் காட்டும் அதன் சொந்த ஐடி வேறு, அதை வைத்து அவர் பாஸ்புக்கில் தேட முடியாது.

இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். மாடி வீடு, ஜூன் வாடகை ரூ.9,000 இன்று நெஃப்டில் அனுப்பியிருக்கிறேன். யு.டி.ஆர். எண் கீழே. கணக்கில் ஏறியதும் ‘ஜூன் வாடகை வந்தது’ன்னு ஒரு வரி போடுங்க சார்.”

நெஃப்ட் ஏற 2 மணி நேரம்கூட ஆகலாம், அதற்குள் நச்சரிக்க வேண்டாம். அப்புறம், பதிலுக்கு வெறும் கட்டைவிரல் வந்தால் மாதத்தைக் குறிப்பிடச் சொல்லி இன்னொரு முறை கேளுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிப்பது எந்த மாதம் என்ற பேச்சு கட்டாயம் வரும்.