பின்னேரத் தேத்தண்ணி திரையாமல் இருக்க

எங்கள் வீட்டில் காலையில் வாங்கும் பசுப்பாலில்தான் பின்னேரத் தேத்தண்ணியும். சித்திரை வெயிலுக்குச் சாயத்தில் பாலை விட்டவுடனேயே வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும், கீழே மங்கல் தண்ணீர் நிற்கும். அம்மா தேயிலைதான் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தா.

ஒரு கரண்டி பாலைத் தனியே கொதிக்க வைத்துப் பார்த்தேன், அதுவே திரைந்துவிட்டது. சூட்டில் நிற்கும் பாலில் கிருமிகள் பெருகிப் புளிப்பை உண்டாக்கும். மணத்திலோ ருசியிலோ தெரியாத அளவு புளிப்பு என்றாலும் கொதிக்கும்போது பாலின் புரதம் கட்டியாகிவிடும். அப்படிப்பட்ட பாலைத் தேத்தண்ணிக்கு எடுக்கவே வேண்டாம்.

இப்போது பால் வந்தவுடன் காய்ச்சி, ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறோம். அப்புறமும் சிலநாள் திரைந்தது, அதுவும் தேயிலையை நெடுநேரம் அவியவிட்ட நாட்களில் மட்டும். சாயத்திலும் கொஞ்சம் புளிப்பு உண்டு, அதன் துவர்ப்பும் புரதத்தைப் பிடித்து இழுக்கும், பால் கொஞ்சம் பழசாக இருந்தால் இரண்டும் சேர்ந்து திரைத்துவிடும். அதனால் கொதித்த தண்ணீரில் தேயிலையைப் போட்டு மூன்று, நான்கு நிமிடத்தில் வடித்துவிடுகிறேன். கடுஞ்சாயம் வேண்டுமென்றால் தேயிலையைக் கூட்டலாம், ஆனால் பால் அன்றையதாக இருக்கவேண்டும். பாலைச் சுடவைத்துச் சேர்த்தபிறகு திரும்பக் கொதிக்கவிடுவதில்லை.

இஞ்சி போடுகிறவர்கள் அதைத் தண்ணீரிலேயே நன்றாக அவித்துவிட வேண்டும், பச்சை இஞ்சிக்கு நல்ல பாலையும் திரைக்கிற குணம் உண்டு.