ஆய்வேட்டுக்கு ஒரு இரவு 9 மணி அலாரம்

ஆய்வேடு எழுதுபவர்கள் இரவு 9 மணிக்கு போனில் அலாரம் வையுங்கள். அடித்ததும் கோப்பின் மொத்தச் சொல் எண்ணிக்கையைக் குறியுங்கள். நேற்றைய எண்ணைக் கழித்தால் இன்றைய கணக்கு. வெட்டிய பத்திகளைத் தனிக் கோப்பில் போட்டு அதையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் நன்றாகத் திருத்திய நாள் மைனஸில் நிற்கும், மனசு விட்டுப்போகும்.

என் இலக்கு நாளுக்கு 300. ஞாயிறு லீவு, ஆக வாரம் 1800. ஒரு வாரம் காய்ச்சலில் 1200தான் தேறியது. பாக்கி 600ஐத் திங்கள் தலையில் கட்டினால் அன்று 900 எழுத வேண்டும், நடக்கிற காரியமா? 12 நாளுக்குப் பிரித்தேன். தினம் 50 கூடுதல், அதாவது ஐந்தாறு வரி. பாக்கி 1800ஐத் தாண்டினால் மட்டும் பிரிக்காதீர்கள். நெறியாளரிடம் சொல்லி அந்த இயலின் தேதியைத் தள்ளிவிடுங்கள்.