அம்பாசமுத்திரம் கிடங்கு உத்தரமும் பாதுகாப்புக் குறியீடும்

அம்பாசமுத்திரத்தில் ஒரு நெல் கிடங்கின் மாடி உத்தரத்தைச் சோதித்தபோது, வளைவுத் திருப்புமையைத் தாங்கும் அதன் திறன் சராசரியாக 150 கிலோநியூட்டன் மீட்டர், திட்டவிலக்கம் 15 என்று மதிப்பிட்டேன். இருப்புப் பேரேட்டின்படி, ஒவ்வோர் ஆண்டும் மூட்டைகள் மிகுதியாக இருக்கும் நாளில் சுமை உண்டாக்கும் திருப்புமையின் சராசரி 90, திட்டவிலக்கம் 22.5. சராசரிகளை மட்டும் வகுத்தால் 1.67 வருகிறது, பார்வைக்குப் போதுமானதுதான். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சாராத இயல்நிலைப் பரவல்கள் என்று கொண்டால், பாதுகாப்புக் குறியீடு β, தோல்வி நிகழ்தகவு Pf ஆகியவை கீழ்வருமாறு வரும். இதில் R திறன், S சுமையின் திருப்புமை, μ சராசரி, σ திட்டவிலக்கம், Φ இயல்நிலைப் பரவலின் திரள் சார்பு:

```
β = (μR − μS) / √(σR² + σS²)
  = 60 / √(225 + 506) ≈ 2.22
Pf = Φ(−β) ≈ 0.013
```

அதாவது ஆண்டுக்கு ஆயிரத்தில் 13 என்ற தோல்வி நிகழ்தகவு. ஆள் நடமாடும் மாடிக்கு இதை ஏற்க முடியாது.

"உத்தரத்தைத் தடிப்பாக்கிருவமா?" என்றார் கிடங்கு அண்ணாச்சி. திறனையும் அதன் விலக்கத்தையும் 20 விழுக்காடு கூட்டினால் β 3.12 ஆகும், பத்தாயிரத்தில் 9. வேரில் உள்ள 731இல் 506 சுமையின் பங்கு என்பதால், நான் சுமையின் சிதறலைக் குறைக்கவே முனைந்தேன். தூண்களில் மஞ்சள் கோடு இட்டு, அதற்கு மேல் மூட்டை அடுக்குவதை நிறுத்தினோம். சராசரி அதே 90 என்று வைத்து, விலக்கத்தை மட்டும் 9 ஆக்கினாலே β 3.43, பத்தாயிரத்தில் 3. செலவு பெயிண்ட்டுக்கு மட்டுமே (கோட்டை மதிக்கச் செய்வது வேறு பாடு).

இவ்வளவு சிறிய நிகழ்தகவுகள் பரவலின் வால்பகுதியைச் சார்ந்தவை. லாக்நார்மல் எடுத்தால் எண்கள் மாறிவிடும். ஆகவே இவற்றை இரு தீர்வுகளை ஒப்பிடவே பயன்படுத்தினேன்.