முகம் மலர்ந்ததா, வாடியதா? முன்னுணர்வுக் கருத்தறிதலில் வழுக்கும் இடங்கள்

தொடக்கநிலை ஆறில் படிக்கும்போது நான் ஒரு தாத்தாவைக் கொன்றிருக்கிறேன். சிங்கப்பூர்ப் பள்ளித் தமிழ்த் தாள்களில் முன்னுணர்வுக் கருத்தறிதல் என்று ஒரு பகுதி வரும். ஒரு பத்தியில் ஆங்காங்கே சொற்களை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருப்பார்கள், பொருத்தமான சொல்லை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்றைய பத்தியில், மதிய உணவுக்குப் பிறகு தாத்தா சாய்வு நாற்காலியில் சாய்ந்து சற்று நேரம் "கண் ______" என்று இருந்தது. "அயர்ந்தார்" என்றும் ஒரு தெரிவு இருந்தது. எனக்குப் பழக்கமில்லாத சொல் என்பதால் "மூடினார்" என்று எழுதிவிட்டேன். மூன்று வரி தள்ளி அதே தாத்தா தேநீர் கேட்கிறார். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: "இறந்தவருக்கு எதற்குத் தேநீர்?"

இப்போது நான் துணைப்பாட ஆசிரியர். வாரத்துக்கு ஒரு தாத்தாவாவது என் மாணவர்கள் கையால் போய்ச் சேருகிறார். அவர்கள் வழுக்கும் இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத்துப்பிழை, விடையின் எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை யாருக்கும் தெரிந்தவைதான்.

கோடு வந்த இடத்திலேயே நின்று விடை எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். சென்ற மாதம் நானே எழுதிக் கொடுத்த பயிற்சியைப் பாருங்கள்.

"பேச்சுப் போட்டியின் முடிவைக் கேட்டதும் மீனாவின் முகம் (1) ______. பல வாரங்களாக அவள் இடைவிடாமல் பயிற்சி செய்திருந்தாள். அம்மா அவளை அணைத்து (2) ______ கூறினார். பதில் ஏதும் பேசாமல் மீனா (3) ______ வீடு திரும்பினாள். 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தார்."

முதல் கோட்டுக்கு மலர்ந்தது, வாடியது, சிவந்தது, வெளுத்தது என்று நான்கு தெரிவுகள். நான்கும் முகத்தோடு சேர்ந்து வரும் சொற்கள்தான். மகிழ்ச்சியில் மலரும், ஏமாற்றத்தில் வாடும், கோபத்தில் சிவக்கும், பயத்தில் வெளுக்கும். இலக்கணமும் நான்குக்கும் சரி: "முகம்" அஃறிணை ஒருமை, எல்லாமே "-அது" என்று முடிகின்றன. ஆக, அந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் விடை அதற்குள் கிடைக்காது. அது நான்கு வாக்கியம் தள்ளி, அம்மாவின் பேச்சில் இருக்கிறது.

ஆறு பேரில் நான்கு பேர் "மலர்ந்தது" என்று எழுதினார்கள். போட்டி, முடிவு, பல வாரப் பயிற்சி என்றால் வெற்றிதான் என்று மனம் தானாகவே ஒரு கதையைக் கட்டிவிடுகிறது. சரி, ஒரு விடைதானே போனது என்று விட முடியாது. முகம் மலர்ந்துவிட்டால் அம்மா ஆறுதல் கூற மாட்டார், "புகழுரை" கூறுவார். மீனாவும் "சோர்வுடன்" திரும்ப மாட்டாள், "பெருமையுடன்" திரும்புவாள். ஒரு தவறு கதையைத் திருப்பிவிட்டது, மற்ற இரண்டும் அதற்கு விசுவாசமாகப் பின்னால் போய்விட்டன. அப்புறம் கடைசி வரியைக் காட்டி, "அப்படியானால் அம்மா ஏன் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்?" என்று கேட்டேன். ஒருவன் கொஞ்சமும் யோசிக்காமல், "அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய கப் வாங்கலாம்னு சொல்றாங்க டீச்சர்" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது. விடையை முதலில் எழுதிவிட்டால், பிறகு வரும் சான்றையெல்லாம் அந்த விடைக்கு ஏற்றபடி வளைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

தமிழில் இந்தப் பழக்கம் கூடுதலாகக் காலை வாரும், ஏனென்றால் நம் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. "பாட்டி பலமுறை ______ கவின் குடையை எடுத்துச் செல்லவில்லை" என்ற வாக்கியத்தில் கோடு வரை மட்டும் படித்தால் சொன்னதால், சொல்லியும், சொன்னால் எல்லாமே வரும்போலத் தோன்றும். "செல்லவில்லை"யைப் பார்த்த பிறகுதான் "சொல்லியும்" தவிர மற்றவை உதிர்கின்றன.

அதனால் என் வகுப்பில் முதல் வாசிப்பின்போது பென்சிலைத் தொடக் கூடாது. தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு பத்தியைக் கடைசி வரை படிக்க வேண்டும், என்ன நடந்தது என்று ஒரே வாக்கியத்தில் எனக்குச் சொல்ல வேண்டும். "மீனா தோற்றுவிட்டாள், அம்மா தேற்றினார்" என்று சொல்லிவிட்டால் மூன்று கோடுகளும் கிட்டத்தட்டத் தாமாகவே நிரம்பிவிடும். இரண்டாம் வாசிப்பில், விடையை உறுதிசெய்யும் சொல் எதுவோ அதன் அடியில் கோடிட்டு, அங்கிருந்து விடைக்கு ஓர் அம்புக்குறி போடச் சொல்வேன். அம்புக்குறி எங்கிருந்தும் கிளம்பவில்லையென்றால் அந்த விடை ஊகம்தான், கடைசியில் திரும்ப வந்து பார்க்க வேண்டும்.

இந்தப் பயிற்சி வகையை 1953இல் அறிமுகப்படுத்திய வில்சன் டெய்லர், ஒரு பத்தி படிப்பதற்கு எவ்வளவு எளிது என்று அளக்கத்தான் அதைப் பயன்படுத்தினார். சொற்களை எடுத்துவிட்டாலும் சுற்றியிருப்பதை வைத்து வாசகர் எத்தனையை மீட்கிறார் என்பதுதான் கணக்கு. சுற்றியிருப்பதைப் படிக்காமல் எதை மீட்பது?

ஆங்கிலத்தில் யோசித்து ஜோடி சேர்ப்பது

வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் "பரீட்சை எடுத்தான்", "கவனம் கொடுத்தான்" என்று எழுதுவார்கள். பரீட்சையை எழுதுவோம், கவனத்தைச் செலுத்துவோம், முயற்சியை மேற்கொள்வோம். இவற்றை விதி வைத்துச் சொல்லித்தர முடியாது. எனவே பெயர்ச்சொல்லை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யாமல், அது எந்த வினையோடு வருகிறதோ அதையும் சேர்த்தே குறிப்பேட்டில் எழுத வைக்கிறேன். தெரிவுகளைப் பார்க்கும்போது கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சொல்லோடு ஒவ்வொன்றையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதும் உதவும். தேர்வறையில் உதட்டை அசைத்தால் போதும்.

ஒற்றெழுத்தைக் கவனிக்காமலிருப்பது, அல்லது அதை மட்டுமே நம்புவது

"கவின் கடைக்குச் ______" என்று அச்சாகியிருந்தால், அந்தச் "ச்" உங்களுக்குக் கிடைத்த இலவசத் துப்பு. அடுத்து வருவது சகர வரிசையில் தொடங்கும் சொல். போனான், ஓடினான், வந்தான் மூன்றும் கழிந்து "சென்றான்" மட்டும் நிற்கும்.

ஆனால் இதை மறுபக்கமாகத் திருப்பக் கூடாது. "கடைக்கு ______" என்று ஒற்று இல்லாமல் இருப்பதால் வல்லினத்தில் தொடங்கும் சொல் வராது என்று முடிவுகட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். விடை வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று வினாத்தாள் எழுதுபவர் வேண்டுமென்றே ஒற்றை விட்டிருக்கலாம். நானே அப்படித்தான் செய்வேன்.

வினைமுற்றின் விகுதியைப் பார்க்காமலிருப்பது

"நனைந்தார்கள்" என்று முடிந்தால் எழுவாய் "மாணவன்" ஆகாது. அவ்வளவுதான்.

முதல் கோட்டிலேயே மாட்டிக்கொண்டு நிற்பது

தாண்டிப் போங்கள். மீனாவின் பத்தியில் முதல் கோட்டுக்குத்தான் கடைசியில் விடை கிடைத்தது.

தெரியாத சொல்லை ஒதுக்குவது

தாத்தா போனது அப்படித்தான்.