ஆக்ஸ் பின்னைத் தொட்டால் கரகரப்பு: சோதிக்கும்போது செய்யும் தவறுகள்

பாட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். கேபிளில் கை பட்டதும் கரகரவென்று சத்தம் வரும், ஒரு பக்க ஸ்பீக்கர் நின்றுபோகும், பின்னைக் கொஞ்சம் திருகினால் திரும்பவும் வரும். இதற்குப் பெயர் லூஸ் கான்டாக்ட் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் லூஸ் எந்த இடத்தில் என்று பார்க்காமலே பலர் புது கேபிள் வாங்கிவிடுகிறார்கள். கேபிள்தான் முதலில் பழுதாகும் பொருள் என்பதால் பல நேரம் அது சரியாகிவிடும். சரியாகாதபோது ஸ்பீக்கரே போய்விட்டது என்று முடிவுகட்டுவதுதான் நஷ்டம்.

முதல் தவறு, மொத்தமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. பின்னையும் கேபிளையும் சேர்த்து ஆட்டினால் கரகரப்பு வரும், ஆனால் எதனால் வந்தது என்று தெரியாது. இரண்டையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். முதலில் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள். பின் விட்டு விட்டு ஒட்டும்போது வரும் 'டப்' சத்தம் அதிக வால்யூமில் ஸ்பீக்கரையே, குறிப்பாகச் சின்ன ட்வீட்டரை, கெடுத்துவிடலாம். அப்புறம் கேபிளை அசைக்காமல், பின்னை மட்டும் விரல்களுக்கு நடுவில் வைத்து சாக்கெட்டுக்குள் மெதுவாகச் சுழற்றுங்கள். இப்போது கரகரத்தால் பின்னும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் அழுக்கோ தளர்வோ இருக்கிறது. சத்தம் வரவில்லையென்றால் பின்னை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் கழுத்துப் பகுதியில் கேபிளை லேசாக வளையுங்கள். அப்போது கரகரத்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பின்னிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்தான் அறுந்திருக்கும், ஏனென்றால் தினமும் மடங்குவது அந்த இடம்தான். இதையே இரண்டு முனையிலும் செய்ய வேண்டும்.

இதற்கு அடுத்த சோதனையைப் பலரும் செய்வதே இல்லை. சாதாரண ஆக்ஸ் கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே 3.5 மி.மீ. பின்தான். கேபிளைத் தலைகீழாக மாற்றிச் செருகுங்கள், அதாவது போனில் இருந்த முனையை ஸ்பீக்கரிலும், ஸ்பீக்கரில் இருந்ததைப் போனிலும். முன்பு ஸ்பீக்கர் பக்கம் தொட்டால் கரகரத்தது, இப்போது போன் பக்கம் தொட்டால் கரகரக்கிறது என்றால் கோளாறு பின்னோடு இடம் மாறிவிட்டது, கேபிள்தான் குற்றவாளி. மாற்றிய பிறகும் ஸ்பீக்கர் பக்கமே கரகரத்தால் சந்தேகம் சாக்கெட் மேல்தான். காசு செலவில்லாத இந்தச் சோதனை, புது கேபிள் தேவையா என்று சொல்லிவிடும்.

கேபிளின் ஒரு முனையில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஆர்.சி.ஏ. பின் இருந்தால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் அவை இரண்டையும் இடம் மாற்றுங்கள். கரகரப்பு வலது ஸ்பீக்கரிலிருந்து இடதுக்குப் போனால் கோளாறு கேபிளில் அல்லது போனில். அதே ஸ்பீக்கரில் நின்றால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் பாருங்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேறு போனையோ லேப்டாப்பையோ மாட்டிப் பார்ப்பது நல்ல வழிதான். அதிலும் ஒரு தவறு நடக்கிறது: போனை மாற்றும்போது கேபிளையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள். கரகரப்பு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டைப்-சி கன்வெர்ட்டர் போட்டுக் கேட்பவர்கள் அதையும் தனிப் பொருளாக எண்ண வேண்டும். அதை அசைத்ததும் பாட்டே நின்றுபோனால் லூஸ் டைப்-சி பக்கம். பாட்டு ஓடிக்கொண்டே கரகரத்தால் 3.5 மி.மீ. பக்கம். ப்ளூடூத்தில் நன்றாகப் பாடுகிறதே என்று விட்டுவிடவும் கூடாது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன என்பதை மட்டும்தான் அது காட்டும். ஆக்ஸ் சாக்கெட் வழியாக அந்தச் சத்தம் போகவே இல்லை.

காதில் விழுவதைத் தப்பாகப் புரிந்துகொள்வதும் உண்டு. பின்னின் நுனி இடது பக்கத்துக்கு, நடு வளையம் வலது பக்கத்துக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு. ஒரு பக்கம் மட்டும் விட்டு விட்டு வந்தால் முதல் இரண்டில் ஒன்று. இசை மெலிந்து கேட்டு, பாடகர் குரல் மட்டும் காணாமல் போனால் பாட்டு ஃபைலையோ ஈக்வலைசரையோ குறை சொல்லாதீர்கள். அது கிரவுண்ட் விட்டுப்போன அடையாளம். கிரவுண்ட் இல்லாதபோது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். குரல் பொதுவாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். போனின் கவர் தடிமனாக இருந்து பின் முழுதும் உள்ளே போகாவிட்டாலும் இதே விளைவு வரும். கவரைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

ஒரு நண்பர் வீட்டில் கம்ப்யூட்டரோடு மாட்டிய 2.1 ஸ்பீக்கர் இப்படிக் கரகரத்தது. புது கேபிள் வாங்கினார். கொஞ்ச நாள் பரவாயில்லை, பிறகு பழையபடியே. கேபிளைத் திருப்பிப் போட்டோம், ஸ்பீக்கர் பக்கம் தொட்டால்தான் சத்தம் வந்தது. கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அதே கேபிளில் போனை மாட்டினோம், அப்போதும் அப்படியே. கம்ப்யூட்டரில் ஹெட்போன் போட்டு பின்னைச் சுழற்றினால் சுத்தமாக இருந்தது. ஆக, மிச்சம் ஸ்பீக்கரின் சாக்கெட்தான். இன்னொரு அடையாளமும் கிடைத்தது: பின்னைச் சுழற்றினால் சத்தமில்லை, மேலும் கீழும் அழுத்தினால்தான் கரகரத்தது. உள்ளே தொடும் தகடு கெட்டிருந்தால் சுழற்றும்போதே காட்டிக்கொடுத்திருக்கும். அழுத்தும்போது மட்டும் வருவதென்றால் சாக்கெட்டே பலகையில் ஆடுகிறது. திறந்து பார்த்தபோது சாக்கெட்டின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வட்ட விரிசல் இருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகச் சால்டர் வைத்ததும் நின்றுவிட்டது. இந்த வேலைக்கு முன் பிளக்கைக் கழற்றிச் சற்று நேரம் விட வேண்டும். உள்ளே மெயின் கரண்ட் வரும் இடமும் கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன. பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுத்து, "சாக்கெட் காலில் டிரை சால்டர், அதை மட்டும் பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

அழுக்குதான் காரணம் என்று தெரிந்தால் ஊசியையோ ஹேர்பின்னையோ விட்டுக் குடையாதீர்கள். உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்தால் பின்னைப் பிடிக்கவே மாட்டா. தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்குச் சத்தம் நிற்கும், ஆனால் அதில் தூசி ஒட்டிப் பிறகு இன்னும் மோசமாகும். போன் சாக்கெட்டில் பாக்கெட் பஞ்சு அடைந்திருந்தால் போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக வெளியே எடுங்கள். பின்னை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சில தடவை செருகி எடுங்கள்.

கேபிள் கழுத்தில் அறுந்திருந்தால் டேப் சுற்றுவதால் கம்பி ஒட்டாது. அந்த இடத்தை வெட்டிவிட்டு, திருகிக் கழற்றும் வகை ஸ்டீரியோ பின் ஒன்றைச் சால்டர் செய்யலாம். மெல்லிய கேபிள் சிலவற்றில் கம்பிமேல் சிவப்பு, பச்சை நிறத்தில் எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டியோ சூடாக்கியோ நீக்காமல் சால்டர் பிடிக்காது. வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து நுனிக்கு நுனி, வளையத்துக்கு வளையம், அடிக்கு அடி பாருங்கள். பார்க்கும்போதே கழுத்தை வளைத்துப் பாருங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்ட வேண்டியிருக்கும்.