மார்ச்சில் பில், ஏப்ரலில் சரக்கு: முன்பண ஆர்டர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடிக்கையாளரிடமிருந்து வந்த முன்பணத்தை நேரே விற்பனைக் கணக்கில் வரவு வைப்பது தவறு என்பது, இன்று கணக்கெழுத வருகிற புதியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே அதைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த வேறொரு தவறை, சென்ற மார்ச்சில் ஓர் இளைஞர் எழுத்துப் பிசகாமல் திரும்பச் செய்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

பில் தேதியை விற்பனைத் தேதியாக எடுத்துக்கொள்வது

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நிறுவனம், கோவையில் பேக்கிங் இயந்திரங்கள் செய்து விற்கும் சிறிய நிறுவனம். ஒரு வாடிக்கையாளர் பிப்ரவரியில் 2,00,000 ரூபாய் முன்பணம் கொடுத்து ஓர் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தார். விலை 5,00,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 90,000 சேர்த்து மொத்தம் 5,90,000. மார்ச் கடைசியில் அவர் தொலைபேசியில் அழைத்து, வங்கிக் கடன் விடுவிக்கப்பட வேண்டுமானால் பில் வேண்டும் என்று கேட்டார். எங்கள் முதலாளிக்கும் அந்த ஆண்டு விற்றுமுதல் சற்றுக் கூடினால் நல்லது என்ற எண்ணம் இருந்ததால், மார்ச் 28 தேதியிட்டு வரி பில்லே போட்டுக் கொடுத்துவிட்டோம். இயந்திரம் ஏப்ரல் 12 அன்றுதான் லாரி ஏறியது.

பில் போட்டதும் டேலி தன் வேலையைச் செய்துவிட்டது: மார்ச் விற்பனையில் 5,00,000 ஏறியது. மார்ச் 31 மாலை இருப்பு எண்ணச் சென்றவர்கள், இயந்திரம் கண்ணெதிரே நின்றதால், அதன் அடக்கவிலை 3,50,000 ரூபாயை இறுதி இருப்பில் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. பில் போட்டாகிவிட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

விளைவைக் கவனியுங்கள். இந்த இயந்திரத்தில் உண்மையான லாபம் 1,50,000 ரூபாய். ஆனால் விற்பனையும் ஏறி, அடக்கவிலையும் இருப்பிலேயே தங்கிவிட்டதால், அந்த ஆண்டின் லாபம் 1,50,000 அல்ல, முழு 5,00,000 ரூபாய் கூடுதலாகக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டில் விற்பனை ஏதுமில்லாமல் சரக்கு மட்டும் வெளியேறியதால் 3,50,000 ரூபாய் நட்டம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் கணக்கு சரியாகவே வரும் என்பதால்தான் இந்தத் தவறு பல இடங்களில் பிடிபடாமலே போகிறது. வருமான வரி 25 சதவீதம் என்று வைத்தால்கூட, இல்லாத லாபத்துக்கு 1,25,000 ரூபாய் ஓராண்டு முன்னதாகவே கையைவிட்டுப் போகிறது.

ஜி.எஸ்.டி.யிலும் அடி உண்டு. சரக்கு விற்பனைக்கு வாங்கும் முன்பணத்தின் மீது, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வணிகர்கள் 2017 நவம்பர் 15 முதல் வரி கட்டத் தேவையில்லை. பில் போடும்போது கட்டினால் போதும். அந்தச் சலுகையை நாங்களே தூக்கி எறிந்துவிட்டு, மார்ச்சில் பில் போட்ட ஒரே காரணத்துக்காக 90,000 ரூபாயை ஏப்ரல் 20-க்குள் கட்டினோம். வாங்கியவருக்கும் பயனில்லை, சரக்கு கைக்கு வராமல் அவர் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. வங்கிக்குக் காட்ட அவருக்குத் தேவைப்பட்டது புரொஃபார்மா இன்வாய்ஸ் மட்டுமே. அதைப் போட்டுத் தர எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது இன்றும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சிறிய நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கியல் தரம் 9, உரிமையோடு சேர்ந்த முக்கியமான இடர்களும் பலன்களும் வாங்குபவருக்கு மாறியிருக்க வேண்டும் என்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்திய கணக்கியல் தரம் 115, பொருளின் மீதான கட்டுப்பாடு மாறுவதைப் பார்க்கச் சொல்கிறது. எங்கள் பட்டறையில் நின்ற இயந்திரத்துக்கு இரண்டின் விடையும் ஒன்றுதான்: அது ஏப்ரல் விற்பனை.

பில் ஏற்கெனவே போய்விட்டது என்றால், மார்ச் 31 தேதியில் விற்பனையைப் பற்று வைத்து வாடிக்கையாளர் கணக்கில் 5,00,000 ரூபாயை வரவு வைக்க வேண்டும். அவர் கணக்கில் பில்லுக்கான பற்று 5,90,000. முன்பணமும் இந்த வரவும் சேர்ந்து 7,00,000. ஆக 1,10,000 ரூபாய் வரவு நிற்கும். அவர் கொடுத்த 2,00,000 ரூபாயில் அரசுக்குரிய 90,000 போக நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கும் தொகை அதுவே. அடுத்த ஆண்டு, இயந்திரம் ஒப்படைக்கப்படும் நாளில் இதே பதிவைத் திருப்பிப் போட்டால் போதும். ஜி.எஸ்.டி. படிவத்தில் அது மார்ச் விற்பனையாகவே இருக்கும். புத்தகத்துக்கும் படிவத்துக்கும் இடையிலான அந்த 5,00,000 வேறுபாட்டை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், ஆண்டுப் படிவத்தை ஒத்துப்பார்க்கும்போது தேட வேண்டியிராது.

இதைக் கண்டுபிடிக்க நான் கையாளும் வழி எளியது. மார்ச் கடைசிப் பத்து நாள் பில்களையும், அவற்றுக்குரிய இ-வே பில், லாரி ரசீது ஆகியவற்றின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். பில் மார்ச்சிலும் இ-வே பில் ஏப்ரலிலும் இருந்தால், எழுந்து கிடங்குக்குப் போய் அந்தப் பொருள் இருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்கும்.

“திரும்பத் தரப்படாது” என்ற வாசகம்

ஆர்டர் படிவத்தில் அதை எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டாலும், சரக்கு போகும் வரை முன்பணம் வருவாய் ஆகாது.

டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள் என்பதற்காக

பெரிய நிறுவனங்கள் சரக்குக்கு முன்பணம் கொடுக்கும்போதே 0.1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துவிடும். அது 26AS-இல் தெரிந்ததும், அந்தத் தொகையை அதே ஆண்டின் விற்பனையில் சேர்த்துவிடும் அவசரத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வருமானம் எந்த ஆண்டுக்குரியதோ அந்த ஆண்டுக்கு டி.டி.எஸ். வரவையும் கொண்டுபோக விதியில் இடமிருக்கிறது.

முன்பணத்தைக் கடனாளிகளோடு கழித்துக் காட்டுவது

டேலியில் எல்லா வாடிக்கையாளர்களும் Sundry Debtors என்ற ஒரே தொகுப்பில் இருப்பதால், வர வேண்டிய 42 லட்சமும் ஏனையோர் கொடுத்த முன்பணம் 15 லட்சமும் கழிந்து 27 லட்சம் என்று இருப்புநிலைக் குறிப்பில் வந்து நிற்கும். ஒருவர் கொடுத்த முன்பணத்தால் இன்னொருவர் கடன் தீராது. 42 லட்சத்தைச் சொத்துப் பக்கத்திலும் 15 லட்சத்தைப் பொறுப்புப் பக்கத்திலும் தனித்தனியே காட்ட வேண்டும். பணம் வரும்போதே ரசீது வவுச்சரில் On Account என்று விடாமல் Advance என்று ஆர்டர் எண்ணுடன் பதிந்து, பில் போடும்போது Agst Ref மூலம் அதை நேர் செய்தால், ஆண்டு முடிவில் எந்த முன்பணம் எந்த ஆர்டருக்குரியது என்று ஆளைத் தேடி அலைய நேராது.

365 நாள்

தனியார் நிறுவனமாக இருந்தாலும், சரக்குக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்காக நேர் செய்யாவிட்டால், கம்பெனிச் சட்டத்தின் வைப்புத்தொகை விதிகளின் கீழ் சிக்கல் எழும்.

லாரி ஏறியதே போதும் என்ற நினைப்பு

மார்ச் 30 அன்று கோவையில் ஏறிய இயந்திரம் நாக்பூரில் ஏப்ரல் 3 அன்று இறங்குகிறது. வழியில் சேதமானால் பொறுப்பு நம்முடையது என்று ஆர்டரில் எழுதியிருக்கிறது. அப்படியானால் அது ஏப்ரல் விற்பனை. மார்ச் 31 அன்று வழியிலிருக்கும் அந்த இயந்திரம் கிடங்கில் இல்லாவிட்டாலும் நம் இருப்பில் அடக்கவிலைக்குச் சேர வேண்டும். கிடங்கிலேயே விலை முடிவாகி, வண்டியும் வாங்குபவருடையதாக இருந்தால், ஏற்றிய நாளே விற்பனை நாள். இதை அறிய ஆர்டரின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சென்ற மார்ச்சில் அந்த இளைஞரிடம் ஆர்டரைக் கேட்டபோது, முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கோப்பில் வைத்திருந்தார்.