சித்திரையில் ஏது காப்பிப் பழம்?: கவிதையில் உள்ள தகவலைச் சரிபார்ப்பது எப்படி

சேலத்தில் ஒரு சின்ன கவிதைக் கூட்டம். முப்பது பேர் இருந்திருப்போம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தைப் பற்றி நான் எழுதியிருந்த எட்டு வரியை வாசித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, சித்திரையில எந்த எஸ்டேட்டுல பழம் பறிச்சாங்க?" அவர் இருபது வருஷம் மலையில் வேலை பார்த்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. முதல் வரியிலேயே நின்றுவிட்டாராம். மீதி ஏழு வரி அவர் காதில் விழவே இல்லை.

அந்தக் கவிதையையே எடுத்துக்கொண்டு, ஒரு கவிதையில் வரும் பருவம், கருவி, தூரம் ஆகியவற்றை எப்படிச் சரிபார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். முதலில் கவிதை:

சித்திரை மாலை. சிவந்த பழங்கள்
முதுகுக் கூடையில் நிறைகின்றன.
பறித்த விரலில் காப்பி மணம்.
பாறையில் வந்து உட்கார்கிறாள் அம்மா.
நள்ளிரவு வரை துணைக்கு
மூன்றாம் பிறை.
கீழே கோட்டை மாரியம்மன் கோயில் மணி
காற்றில் ஏறி வருகிறது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஐந்து இடங்கள் தப்பு.

முதல் படி: கவிதைக்கு ஒரு தேதியும் ஓர் இடமும் கொடுங்கள்

தனித்தனிச் சொல்லாகச் சரிபார்க்கத் தொடங்காதீர்கள். "காப்பிப் பழம் சிவக்குமா?" என்று கேட்டால் சிவக்கும் என்றுதான் பதில் வரும். "சித்திரையில் வெயில் அடிக்குமா?" என்றாலும் அப்படித்தான். இரண்டும் தனியாக உண்மை, சேர்ந்தால் பொய். அதனால் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்: எந்த மாதம், எந்தத் திதி, எத்தனை மணி, எங்கே நின்றுகொண்டு, எந்தத் திசையைப் பார்த்து. கவிதையில் இது எதுவும் வர வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

என் கவிதைக்கு நான் எழுதியது: சித்திரை, வளர்பிறை மூன்றாம் நாள், மாலை ஆறு மணி, ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் ஒரு பாறை, சேலத்தைப் பார்த்து. இதை எழுதியதுமே பாதித் தப்பு தானாக வெளியே வந்துவிட்டது.

இரண்டாம் படி: பருவம்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அரபிகா காப்பி. அதன் மொட்டு வறட்சியில் மூடிக்கொண்டு காத்திருக்கும். பங்குனி, சித்திரை வாக்கில் ஒரு நல்ல கோடை மழை, ஓர் அங்குலம் அளவுக்காவது பெய்தால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போல மணக்கும் அந்தப் பூ இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அதிலிருந்து காய் பிடித்து, பழமாகிச் சிவக்க ஏழெட்டு மாதம் வேண்டும். ஐப்பசிக் கடைசியில் தொடங்கி, கார்த்திகை, மார்கழி முழுக்கப் பறிப்பு நடக்கும். தோட்டத்தின் உயரத்தைப் பொறுத்து முன்னே பின்னே ஆகலாம். சித்திரையில் செடியில் இருப்பது பூ, இல்லையென்றால் மிளகை விடச் சின்னதான பச்சைப் பிஞ்சு.

இதைத் தெரிந்துகொள்ளத் தோட்ட வேலை தெரிந்தவரிடம் கேட்பதுதான் வழி. ஆனால் கேட்கும் விதம் முக்கியம். கவிதையைக் காட்டி "இது சரியாக்கா?" என்று கேட்டால், "நல்லாருக்கு தம்பி" என்றுதான் சொல்வார்கள். எழுதிக்கொண்டு வந்தவன் மனசை யார் நோகடிப்பார்கள்? அதனால் கவிதையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "சித்திரையில தோட்டத்துல என்ன வேலைக்கா நடக்கும்?" என்று கேளுங்கள். அவர்களே மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். பறிப்பு முடிந்தபின் கவாத்து, மழை வந்தால் பூ என்று வரிசையாக வரும். உங்கள் வரி அதில் எங்கும் வரவில்லை என்றால் அது தப்பு.

சரி, இப்போது இரண்டு வழி இருக்கிறது. மாதத்தை மாற்றலாம், அல்லது பழத்தைப் பூவாக்கலாம். பூ அழகானது, மணமும் உண்டு. ஆனால் பூக்கும்போது பறிக்க எதுவும் இல்லை, கூடைக்கு வேலை இல்லை, கவிதையில் அந்த அம்மாவுக்கும் வேலை இல்லை. எனவே மாதத்தை மாற்றினேன். சித்திரை போய்க் கார்த்திகை வந்தது. குறிஞ்சித் திணைக்குப் பழைய இலக்கணம் கொடுத்த காலமும் கூதிர்தான், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். காப்பியோ வெள்ளைக்காரர் காலத்தில், 1820களில் இந்த மலைக்கு வந்த செடி. அது பழுக்கும் மாதம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மூன்றாம் படி: கருவியும் கையும்

முதுகுக் கூடை தேயிலைப் படங்களில் பார்த்துப் பார்த்து மனசில் தங்கிய காட்சி. தேயிலையில் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேல் பின்னால் போட்டுவிடலாம். காப்பியில் ஒரு கை கிளையை வளைத்துப் பிடிக்க, இன்னொரு கை பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்கும். பழம் விழ வேண்டிய இடம் முன்னால், இடுப்பில் கட்டிய பை. மாலையில் அதைச் சாக்கில் கொட்டி எடை போடுவார்கள்.

கருவியைச் சரிபார்க்க எளிய வழி, அந்த வேலையை வெறுங்கையால் செய்து பார்ப்பது. வீட்டில் செம்பருத்திச் செடி இருந்தால் அதன் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு பத்து இலையைப் பறித்து முதுகுப் பக்கம் போட்டுப் பாருங்கள். தோள்பட்டையே பதில் சொல்லிவிடும்.

"பறித்த விரலில் காப்பி மணம்" என்ற வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே அதைச் சோதிக்கத் தோன்றவில்லை. காப்பி மணம் கொட்டையை வறுக்கும்போது பிறப்பது. செடியிலிருந்து பறித்த பழத்தில் அந்த மணத்தின் சாயல்கூட இருக்காது. பழத்தைப் பிதுக்கினால் விரலில் ஒட்டுவது இனிப்பான பிசுபிசுப்பு. நகரத்து வாசகர் இந்த வரியை ரசிப்பார், பறித்தவர் சிரிப்பார். பிடித்த வரியை முதலில் சந்தேகப்படுங்கள்.

நான்காம் படி: நிலா

இதற்கு நாட்காட்டி போதும். வளர்பிறை மூன்றாம் நாள் நிலா, சூரியன் மறைந்து சுமார் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் மேற்கே இறங்கிவிடும். நள்ளிரவில் அது வானத்தில் இல்லை. நள்ளிரவு வேண்டும் என்றால் பிறையை விட வேண்டும், பிறை வேண்டும் என்றால் நள்ளிரவை விட வேண்டும். நான் நள்ளிரவை விட்டேன். பகலெல்லாம் பறித்த ஒருவர் நள்ளிரவு வரை பாறையில் உட்கார்ந்திருப்பார் என்று எழுதியதே கொஞ்சம் அநியாயம்.

ஐந்தாம் படி: தூரம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. ஆனால் ஒலிக்கு வளைவு கிடையாது, நேர்க்கோட்டுத் தூரம்தான் கணக்கு. கூகுள் மேப்ஸில் ஓர் இடத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் தூரத்தை அளக்கும் வசதி வரும். லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அளந்தால் பத்து கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி ஆகும். அரை நிமிடத்துக்கு மேல் காற்றில் வந்து, நடுவில் பஸ் ஹாரனையெல்லாம் தாண்டிக் கோயில் மணி காதில் விழாது. விளக்கு தெரியும். எனவே மணி போய் விளக்கு வந்தது.

இங்கே ஓர் ஆசை வந்தது. கார்த்திகை மாதமாயிற்றே, தீபத் திருநாள் என்று வைத்து, சேலத்து வாசல்களில் எரியும் அகல் விளக்குகளை மேலிருந்து காட்டினால் என்ன? இரண்டு காரணத்தால் முடியாது. தீபம் பௌர்ணமியை ஒட்டி வருவது, என் கவிதையில் மூன்றாம் பிறை. அப்புறம், அந்தத் தூரத்தில் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு நடுவே அகல் தனியாகத் தெரியாது. விட்டுவிட்டேன், மனசில்லாமல்.

தூரத்துக்குப் பழைய சொல் போடும்போதும் கவனம். "கூப்பிடு தூரம்" என்றால் கூப்பிட்டால் கேட்க வேண்டும். "காதம்" ஊருக்கு ஊர் மாறிய அளவு. எண்ணோடு சேர்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆறாம் படி: திருத்தியதை மறுபடி சரிபாருங்கள்

ஆரம்பத்தில் பலரும் விட்டுவிடும் படி இதுதான். சித்திரையைக் கார்த்திகையாக்கினால் மற்ற வரிகளும் கார்த்திகைக்குள் வந்துவிடுகின்றன. அது வடகிழக்குப் பருவமழைக் காலம், மலையில் மேகம் இறங்கி நிற்கும். சேலம் விளக்கு எப்படித் தெரியும்? பிறைதான் எப்படித் தெரியும்?

அந்த அக்காவிடமே போய்க் கேட்டேன். "தெரியும் தம்பி, ஆனா நின்னு தெரியாது. மூடும், விலகும், மூடும்" என்றார். என் கடைசி மூன்று வரியும் அவர் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

திசை விஷயத்தில் மாத மாற்றம் உதவி செய்தது. ஏற்காட்டிலிருந்து பார்த்தால் சேலம் தெற்கே, கொஞ்சம் மேற்குப் பக்கமாக இருக்கிறது. சித்திரை மாதத்தில் சூரியன் மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் தள்ளி மறையும், இளம்பிறையும் அதன் பக்கத்தில்தான் நிற்கும். கார்த்திகையிலோ இரண்டும் தெற்குப் பக்கம் சாய்ந்துவிடும். எனவே பிறையும் சேலமும் கழுத்தை அதிகம் திருப்பாமல் ஒரே பார்வையில் சேரும்.

எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்க வேண்டுமா என்றால், இல்லை. சகோரப் பறவை நிலவைக் குடிக்கிறது என்று எழுதினால் பறவை ஆராய்ச்சியாளர்கூடக் கோபப்பட மாட்டார், அது மரபு என்று எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் முகம் சித்திரை வெயில் என்றால் அது உவமை. கவிதையில் வருபவர் கண்ணால் பார்த்ததாக, காதால் கேட்டதாக, கையால் தொட்டதாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் சரிபார்க்க வேண்டும்.

இப்போது கவிதை இப்படி நிற்கிறது:

கார்த்திகை மாலை. சிவந்த பழங்கள்
இடுப்புப் பையில் கனக்கின்றன.
பறித்த விரலில் இனிக்கும் பிசுபிசுப்பு.
எடை போட்டுவிட்டு
பாறையில் வந்து உட்கார்கிறாள் அம்மா.
மேகம் விலகிய அரை நிமிடம்
மேலே பிறை, கீழே சேலம்.
மறுபடி மூடிக்கொள்கிறது.

இதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "எத்தனை கிலோவாம்?" என்று கேட்டார்.